முகாம் தாளில் காலியாக விடப்பட்ட கட்டம்: மருத்துவ முகாம் நடத்தும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முகாம் பொறுப்பாளர்களுக்கும் வட்டார மருத்துவ அலுவலர்களுக்கும், வணக்கம்.

ஊர்களில் நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களின் கையெழுத்துத் தாள்களைக் கணினியில் ஏற்றி, இரத்த அழுத்தம், சர்க்கரை, மேல்சிகிச்சைப் பரிந்துரை ஆகியவற்றை வயதுவாரியாகத் தொகுத்துத் தரும் தன்னார்வலர்களில் நானும் ஒருவன். முகாம் முடிந்த மறுநாளே அட்டவணை வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயமானது. ஆனால் அந்த அவசரத்தில் தாளில் இருப்பதற்கும் அட்டவணை சொல்வதற்கும் இடையே பெரிய விலகல் நேர்ந்துவிடுகிறது. அது எங்கே நேர்கிறது என்பதை விளக்கி, தாளிலும் தொகுப்பிலும் சில மாற்றங்களைக் கேட்கவே இந்த மடல்.

முதலில், தாளைப் பார்த்துக் கோடு போட்டு எண்ணி நேராக மொத்தத்தை எழுதும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு வரி என்று முழுவதையும் ஏற்றிய பிறகே எண்ண வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண் இட்டு, அந்த எண்ணையும் வரியில் சேர்த்துவிட்டால், சந்தேகம் வரும்போது மூலத்தாளுக்குத் திரும்ப முடியும். இரத்த அழுத்தத்தை 150/94 என்று ஒரே கட்டத்தில் தட்டினால் எக்செல் அதை வெறும் எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 140-ஐத் தாண்டியதா என்று அதனிடம் கேட்க முடியாது. மேல் அளவுக்கு ஒரு பத்தி, கீழ் அளவுக்கு ஒரு பத்தி என்று பிரித்து ஏற்ற வேண்டும்.

பெரிய விலகல் சர்க்கரைப் பத்தியில்தான் வருகிறது. விளக்கத்துக்காக ஒரு முகாமைக் கணக்காக எடுத்துக்கொள்வோம். 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 52 பேர் பதிவு செய்திருக்கிறார்கள். பிற்பகலில் ஸ்ட்ரிப் தீர்ந்துபோனதால் அவர்களில் 34 பேருக்கு மட்டுமே சர்க்கரை பார்க்கப்பட்டது. மற்ற 18 பேரின் கட்டம் காலியாக இருக்கிறது. பார்க்கப்பட்ட 34 பேரில் 32 பேருக்கு எண் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு பேருக்கு மட்டும் HI என்று எழுதியிருக்கிறது. குளுக்கோமீட்டர் அளக்கக்கூடிய எல்லையை (பல கருவிகளில் 600 மி.கி.) சர்க்கரை தாண்டிவிட்டால் திரையில் அப்படித்தான் வரும். முகாமுக்கு வந்தவர்களிலேயே உடனடிக் கவனம் தேவைப்படுபவர்கள் அந்த இருவர்தான்.

இப்போது 140-க்கு மேற்பட்டவர்களை எண்ணுவோம். எந்நேரச் சர்க்கரை அந்த அளவைத் தாண்டினால் மருத்துவ அலுவலரிடம் அனுப்புவது தேசியத் திட்டத்தின் பரிசோதனை நடைமுறை. எண்களில் 11 பேர் தாண்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எக்செலின் COUNTIF வாய்பாடு 11 என்றே சொல்லும். HI என்பது அதற்கு எண் அல்ல என்பதால் அந்த இருவரும் சத்தமில்லாமல் விடுபட்டுவிடுவார்கள். அந்த 11-ஐப் பதிவு செய்த 52 பேரால் வகுத்தால் 21 விழுக்காடு. உண்மையில் பார்க்கப்பட்டவர்கள் 34 பேர், அதிகம் இருந்தவர்கள் 13 பேர். அதாவது 38 விழுக்காடு. ஒரே தாள்கள், ஆனால் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு. காலிக் கட்டத்தை ‘இயல்பு’ என்று கொண்டதும், HI-யை எண்ணாமல் விட்டதும்தான் காரணம். முதியவர்கள் பேருந்து பிடித்துத் தாமதமாக வந்து சேரும் ஊர்களில் இந்தக் குறை அவர்கள் வயதுக் குழுவின் தலையிலேயே விழும் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. சர்க்கரை G பத்தியில் இருந்தால்:

```
=COUNTA(G2:G400)-COUNT(G2:G400)
```

முதலாவது ஏதேனும் எழுதப்பட்ட கட்டங்களை எண்ணும், இரண்டாவது எண்களை மட்டும் எண்ணும். விடை பூச்சியமாக இல்லாவிட்டால், அத்தனை கட்டங்களில் எழுத்து இருக்கிறது என்று பொருள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். HI என்றோ LO என்றோ இருந்தால் அதை அழித்து ஏதோவொரு எண்ணைப் போடாமல், பக்கத்தில் தனிப் பத்தியில் குறித்து, எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறுதி அட்டவணையில் ஒவ்வொரு வயதுக் குழுவுக்கும் ‘வந்தவர்கள்’, ‘அழுத்தம் பார்க்கப்பட்டவர்கள்’, ‘சர்க்கரை பார்க்கப்பட்டவர்கள்’ என்ற மூன்று எண்களும் தனித்தனியே இருக்க வேண்டும். விழுக்காட்டை எப்போதும் பார்க்கப்பட்டவர்களைக் கொண்டே போட வேண்டும்.

வெறும் ‘சர்க்கரை’ என்ற தலைப்பும் போதாது. வெறும் வயிற்றில் 150 என்பது நீரிழிவின் எல்லைக்குள் வருவது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 150 என்பது அப்படியல்ல. கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்று ஒரு கட்டம் தாளிலேயே இருந்தால் தொகுப்பவர் ஊகிக்க வேண்டியிருக்காது.

வயதுக் குழுவைப் பொறுத்தவரை, 50–60, 60–70 என்று எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று விழும்படி அட்டவணை கேட்காதீர்கள். நம் ஊர்களில் வயது கேட்டால் ‘ஒரு அறுபது இருக்கும்’ என்றே பலர் சொல்வதால் 40, 50, 60 என்ற எண்களில் ஆட்கள் குவிந்துவிடுகிறார்கள். மேற்சொன்ன 52 பேரில் 14 பேருக்குச் சரியாக 60 என்று எழுதியிருந்தால், அவர்களை ஒருவர் கீழ்க் குழுவிலும் இன்னொருவர் மேல் குழுவிலும் போட, இரண்டு முகாம்களின் அட்டவணைகளை ஒப்பிடவே முடியாமல் போகும். 30–39, 40–49, 50–59, 60-ம் அதற்கு மேலும் என்று எல்லா முகாம்களுக்கும் ஒரே பிரிவை அறிவித்துவிடுங்கள். கர்ப்பிணிகளை இந்த அட்டவணையில் கலக்காமல் தனியே வைக்க வேண்டும்.

இனி பரிந்துரை. அதே குழுவில் அழுத்தம் பார்க்கப்பட்ட 50 பேரில் 21 பேருக்கு 140/90-ஐ எட்டியோ தாண்டியோ இருக்கிறது; சர்க்கரை அதிகம் 13 பேருக்கு; இரண்டும் அதிகம் 8 பேருக்கு. கூட்டிப் போட்டால் 34 என்று வரும், ஆனால் ஆட்கள் 26 பேர்தான். பரிந்துரைச் சீட்டு வாங்கியவர்கள் 17 பேர் என்றால், சீட்டில்லாத 9 பேர் யார் என்று பெயர் பெயராகப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் என்று அவர்களில் 6 பேருக்குக் குறிப்பு இருக்கலாம். மீதி 3 பேரில் ஒருவருக்கு 186/112 என்று எழுதியிருந்து, பரிந்துரைக் கட்டம் காலியாக இருந்தால், அவரை அன்றே கைபேசியில் அழைக்க வேண்டும். அட்டவணை அதற்குப் பிறகு முடியட்டும். ஆகவே ‘மாத்திரை எடுக்கிறாரா’ என்ற கட்டம் தாளில் கட்டாயம் வேண்டும்.

அதோடு, ஒரே முறை பார்த்த அளவைக் கொண்டு ‘இரத்த அழுத்த நோயாளிகள் 21’ என்று தலைப்பிடாதீர்கள். ‘அதிக அளவு பதிவானவர்கள்’ என்பதே சரி. அட்டவணையில் பெயர் வரக்கூடாது; தாள்களின் படங்களை வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

அடுத்த முகாமுக்குத் தாள் அச்சடிக்கும் முன், கடைசியாகச் சாப்பிட்ட நேரம், மாத்திரை, பரிந்துரை (ஆம் / இல்லை / தேவையில்லை) ஆகிய மூன்று கட்டங்களைச் சேர்த்து, பார்க்காத பரிசோதனைக்கு ‘பார்க்கவில்லை’ என்றே எழுதும்படி செவிலியர்களிடமும் தன்னார்வலர்களிடமும் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சடிக்கும் முன் மாதிரித் தாளை அனுப்பினால், நாங்கள் அதில் பத்து வரி ஏற்றிப் பார்த்து, சிக்கல் இருந்தால் அன்றே சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
முகாம் தாள்களைத் தொகுக்கும் தன்னார்வலர்