யாருக்கும் நஷ்டம் இல்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் பந்தயக் கட்டுரையில், 'விலை தவறாக வந்திருந்தால் புக்கி பந்தயத்தை ரத்து செய்து பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், யாருக்கும் நஷ்டம் இல்லை' என்று ஒரு வரி. லண்டனில் பந்தயக் கடைக் கவுண்டரில் பதினோரு வருடம் நின்றவன் நான். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அப்பட்டமான விலைப் பிழைக்கான இந்த விதியைக் கடையில் 'பால்ப்' என்போம். ஒரு சனிக்கிழமை எங்கள் திரையில் 4/1, அதாவது 1 கட்டினால் 4 லாபம் தரும் குதிரைக்கு 40/1 என்று விழுந்தது. வழக்கமாக வரும் பெரியவர் ஒருவர் 10 பவுண்டுக்கு டபுள் கட்டினார். டபுள் என்றால் இரண்டு குதிரையும் ஜெயிக்க வேண்டும், முதலாவதில் வரும் பணம் முழுவதும் இரண்டாவதில் ஏறும். முதல் குதிரை 2/1, இரண்டாவது இது. சீட்டில் விலையை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். இரண்டுமே ஜெயித்தன.

அவர் 1,230 பவுண்டு கேட்டது நடக்காது, ஒப்புக்கொள்கிறேன். மற்ற கடைகளெல்லாம் 4/1 சொல்லும்போது 40/1 பிழை என்பது யாருக்கும் தெரியும். (5/1, 6/1 என்று இருந்திருந்தால் அது பிழை இல்லை, புக்கியின் கணிப்பு. அதைப் பிறகு பால்ப் என்று சொல்ல விடக்கூடாது.) ஆனால் சரியான விலைக்கே கணக்குப் போட்டாலும் அவருக்கு 150 வரவேண்டும். தலைமை அலுவலகம் இரண்டாவது குதிரையையே ரத்து செய்தது. டபுள் ஒற்றைப் பந்தயமாகி, 30 பவுண்டை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சீட்டில் இருந்த என் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் ஒன்று. அதே மாதம் இன்னொரு குதிரைக்கும் விலை தவறாக விழுந்தது. அது தோற்றது. ரத்து என்பதுதான் விதி என்றால் அதில் கட்டியவர்களுக்கும் பணம் திரும்பியிருக்க வேண்டும். ஒருவருக்கும் திரும்பவில்லை. தோற்ற சீட்டில் பிழை இருக்கிறதா என்று யாரும் தேடவே இல்லை.

ஆசிரியருக்குத் தெரியாததல்ல, 2007 செப்டம்பர் 1 முதல் பிரிட்டனில் பந்தயம் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஒப்பந்தம். அதற்கு முன் புக்கி மறுத்தால் வழக்கே போட முடியாது. இதைப் பற்றி இரண்டு வருடத்துக்கு முன் உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதற்கும் முன் 11/4 என்ற விலையை நீங்கள் 'பதினொன்றில் நான்கு வாய்ப்பு' என்று அச்சிட்டபோதும் எழுதினேன். 4 கட்டினால் 11 லாபம் என்பதுதான் அதன் பொருள். பதில் இல்லை. பந்தயம் கட்டுகிறவனுக்குக் கணக்கு எதற்கு என்று நினைத்துவிட்டீர்களோ என்று மனம் வருந்தியது உண்மை.

இப்போது கேட்பது சின்ன விஷயம்தான். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். விதியில் 'ரத்து' என்று இருக்கிறதா, 'சரியான விலைக்குத் தீர்வு' என்று இருக்கிறதா என்பதைப் பந்தயம் கட்டும் முன்பே பார்க்க வேண்டும். பிழை எப்போது தெரியவந்தது என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். எட்டு வாரத்தில் முடிவு வராவிட்டால் ஐபாஸ் போன்ற தீர்ப்பு அமைப்புக்குக் கட்டணமில்லாமல் போகலாம். அன்று அந்தப் பெரியவரிடம் இதையெல்லாம் நான் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கவுண்டர் ஊழியர், லண்டன்