பளபளப்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோண்டாவிலில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஆசிரியை ஒருவர் போன கிழமை கடைக்கு வந்தார். தகரச் சீற் கூரை, கீழே சீலிங். "வெக்கைக்கு ஃபொயில் றோல் போடச் சொல்லுகினம். ஆனா என்ர தங்கச்சி வீட்டில போட்டது ஒரு வருசம்தான் வேலை செஞ்சது. பிறகும் காசைக் கொட்டோணுமோ?" என்று கேட்டார். இதே கேள்வியோடு வருபவர்கள் பலர் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

தங்கை வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். றோல் நல்ல றோல்தான். அதைச் சீலிங்குக்கு மேலே, பளபளப்பு வானத்தைப் பார்க்க விரித்திருந்தார்கள். கோண்டாவில் செம்மண் தூசி அதன்மேல் மெல்லிய போர்வைபோலப் படிந்திருந்தது. கோளாறு அவ்வளவுதான்.

ஏன் என்று சொல்கிறோம். சித்திரை வருடப் பிறப்பை ஒட்டிய நாள்களில் மத்தியானச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது சுவர்களைவிடக் கூரைதான் வெயிலை வாங்கும். சீற் 60 பாகை செல்சியஸ்வரை சூடாவது சாதாரணம். அந்தச் சூட்டில் பெரும்பகுதி காற்று வழியாக இறங்குவதில்லை. அடுப்புத் தணலின் முன் நின்றால் முகத்தில் அடிக்கிறதே, அதுபோலக் கதிராக இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சீற் 60 பாகை, சீலிங் 35 பாகை, இடையில் ஒன்றும் இல்லை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 150 வாற்ஸ் கதிராக இறங்கும். 12 அடிக்கு 10 அடி அறை என்றால் 1,700 வாற்ஸ் அளவு. தலைக்கு மேலே ஒரு மின்சாரக் கேத்தல் எரிவதற்குச் சமம். சுத்தமான ஃபொயில் இருந்தால் அந்த 150 பத்துக்குக் கிட்ட இறங்கிவிடும். தூசி பிடித்த ஃபொயில் என்றால் 90 அளவுக்குத் திரும்ப ஏறிவிடும். தங்கை வீட்டில் நடந்தது இதுதான்.

அப்போ பளபளப்பு கீழே பார்க்கட்டும். சூடான பளபளப்பு கதிரை வெளியே விடுவதில், சூடான தகரத்தைவிட மிகவும் கஞ்சன். கீழ்ப் பக்கத்தில் தூசியும் படியாது. ஆனால் அதன் கீழே ஓர் அங்குலமாவது வெறும் காற்று இருக்க வேண்டும். சீலிங் பலகையோடு ஒட்டிவிட்டால் ஃபொயில் வெறும் உலோகத் தகடுதான், சூட்டை நேரே கடத்திவிடும். இரண்டு பக்கமும் பளபளக்கும் றோலுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: சீற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

போடும் முறை இது. சீற்றைத் தாங்கும் சட்டங்களின் மேல் முதலில் கம்பி வலை, அதன்மேல் றோல், பிறகு சீற். வலை இல்லாவிட்டால் றோல் தொய்ந்து விடும், அணிலும் கடித்துக் குதறும். ஓரங்களை மூன்று அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி ஃபொயில் டேப் ஒட்டுங்கள். ஈரச் சீமெந்து ஃபொயிலை அரிக்கும், அதனால் சுவரோரப் பூச்சு முடிந்த பிறகே றோலை விரியுங்கள். மின் வயர் ஓடும் இடத்தில் ஆணி, ஸ்டேப்பிள் அடிக்க விடாதீர்கள். ஃபொயிலில் மின்சாரம் ஓடும். தாழ்வாரத்திலும் முகட்டோரத்திலும் காற்றுத் துளை விடுங்கள். சூட்டுக் காற்று உள்ளே அடைபட்டால் ஃபொயில் மட்டும் போதாது.

ஏசி போடப்போகும் அறைக்கு, சீலிங்கின்மேல் 50 மில்லிமீற்றர் கண்ணாடிப் பஞ்சும் சேர்க்கச் சொல்வோம். மின்விசிறி மட்டும் என்றால் அது தேவையில்லை. கூரை ஒழுகி நனைந்த பஞ்சு வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கொங்கிறீற் தட்டு வீட்டுக்காரருக்குக் கதை வேறு. ஐந்து அங்குலத் தட்டு சூட்டைத் தடுக்காது. பகலில் குடித்து இரவு ஒன்பது மணிக்கு உங்கள் கட்டிலின்மேல் இறக்கும். அதனால் தட்டின் கீழே ஃபொயிலை ஒட்டிப் பூசச் சொல்லி யாரும் கேட்டால் நாங்கள் விற்பதில்லை. தடுப்பைத் தட்டின் மேலே போடுங்கள்: 25 மில்லிமீற்றர் ரெஜிபோம் பலகை, அதன்மேல் வலை வைத்த மெல்லிய கொங்கிறீற். அதற்குக் காசு இப்போது இல்லை என்றால் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். மாரி மழையில் பாசி பிடித்துக் கறுத்துவிடும். அதனால் தை கழிந்ததும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

மேற்குச் சுவரில் அடிக்கும் பின்னேர வெயிலை இவை எதுவும் தடுக்காது. அதற்கு விறாந்தைதான், அல்லது ஒரு வேப்பமரம்.

ஆசிரியையின் தங்கைக்கு நாங்கள் புது றோல் விற்கவில்லை. ஏணி போட்டு ஏறி ஃபொயிலை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வந்தோம். தூசி திரும்பப் படியும், வருடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் இந்தச் சந்தேகம் இருந்தால், மத்தியானம் ஒரு மணிக்குச் சீலிங் மூடியைத் திறந்து ஃபொயிலில் ஒரு முழ அளவு இடத்தை மட்டும் துடையுங்கள். மறுநாள் அதே நேரத்தில், துடைத்த இடத்துக்கும் துடைக்காத இடத்துக்கும் நேர் கீழே சீலிங்கைக் கையால் தொட்டுப் பாருங்கள்.

புதிதாகக் கட்டுபவர்கள் சீற் ஏற்றுவதற்கு முதல் நாள் எங்களைக் கூப்பிடுங்கள். ஒருவர் வந்து றோலின் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவார். அதற்குக் காசு இல்லை.

அன்புடன்,
உங்கள் கூரைப் பொருள் கடையினர்
யாழ்ப்பாணம்