டார்மில் தங்க வரும் பேக்பேக்கர்களுக்கு, திருவல்லிக்கேணியிலிருந்து

வணக்கம்.

சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. தென்மாவட்ட ரயில்கள் பல இருட்டு விலகுவதற்குள் எழும்பூர் வந்துவிடும். ஆகவே எட்டுப் பேர் படுக்கும் டார்மில் யாராவது ஒருவர் அகால நேரத்தில் கிளம்புவார், இல்லாவிட்டால் வந்து சேருவார். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம் என்று கதவில் ஒட்டியிருக்கிறோம். அதைக் காப்பாற்றும் வேலை முழுக்க முன்மாலையிலேயே முடிந்துவிட வேண்டியது.

உங்கள் விமானம் அதிகாலை 4 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். 1 மணிக்கு மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும். அந்நேரம் மெட்ரோ ஓடாது, 12 மணி வாக்கில் கார் பிடித்தாக வேண்டும். பதினொன்றரைக்கு எழுந்து பையை அடுக்க ஆரம்பித்தால் அறையே விழித்துக்கொள்ளும். பேச்சுச் சத்தத்தைவிடத் தூக்கத்தைக் கெடுப்பது பிளாஸ்டிக் கவரின் சலசலப்பும், ஜிப்பை விட்டுவிட்டு இழுக்கும் சத்தமும்தான். எனவே 9.30க்குள் பையைக் கட்டி வரவேற்பு மேசைக்குப் பக்கத்து அலமாரியில் வைத்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றுத்துணி, பல் துலக்கும் பிரஷ், செல்போன், பாஸ்போர்ட் இவ்வளவு மட்டும் கட்டிலில் இருக்கட்டும். லாக்கரையும் அப்போதே காலி செய்துவிடுங்கள். நடுராத்திரியில் இரும்புக் கதவு திறக்கிற சத்தத்துக்கு மேல்கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அலாரத்தை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வையுங்கள். அதை நம்ப முடியாதென்றால் இரவுப் பணியில் இருக்கும் தம்பியிடம் கட்டில் எண்ணையும் நேரத்தையும் சொல்லி வைத்தால் வந்து காலைத் தட்டி எழுப்புவார். பெரிய விளக்கைப் போடாமல் கட்டில் விளக்கோடு சமாளியுங்கள். போன் பேச வேண்டியிருந்தால் மாடிப்படியில் பேசுங்கள், வராந்தா வேண்டாம். வராந்தா ஜன்னல் நேராக அறைக்குள் திறக்கிறது.

லாக்கருக்குப் பூட்டு நீங்கள் கொண்டுவர வேண்டும். சூட்கேஸ் ஜிப்பில் மாட்டும் குட்டிப் பூட்டின் வளையம் மெல்லியது, ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகினாலே நெளியும். கடைக் கதவுக்குப் போடும் பெரிய பூட்டோ தாழ்ப்பாள் ஓட்டையில் நுழையவே நுழையாது. வளையக் கம்பி 5, 6 மில்லிமீட்டர் இருந்தால் சரியாக இருக்கும். குளிக்கப் போகும்போது சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் உண்டு, எண் பூட்டு என்றால் அந்தக் கவலை இல்லை. சாவி தொலைந்தால் அடையாள அட்டையைக் காட்டுங்கள். உங்கள் கண்ணெதிரே பூட்டை வெட்டித் தருவோம், புதுப் பூட்டு உங்கள் செலவு. பவர் பேங்க்கை லாக்கருக்குள் சார்ஜில் போட்டு மூடாதீர்கள், காற்று புகாத பெட்டியில் அது சூடேறும். ஈரத் துண்டும் உள்ளே வேண்டாம். இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒரே நாளில் நாற்றம் எடுத்து மற்றத் துணிகளுக்கும் ஏறிவிடும். மொட்டைமாடியில் கொடி கட்டியிருக்கிறது.

சமையலறை காலை 6 முதல் இரவு 10 வரை. காப்பிக்குப் பால் காய்ச்ச மட்டும் அதற்குப் பிறகும் வரலாம், ஆனால் குக்கரும் மிக்ஸியும் கூடாது. குக்கர் விசில் இரண்டு மாடிக்குக் கேட்கும். மைக்ரோவேவை நேரம் முடிய ஒரு நொடி இருக்கும்போதே திறந்துவிட்டால் கூவாது.

ஃப்ரிட்ஜில் வைக்கும் எதிலும் பெயர், கட்டில் எண், கிளம்பும் தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். தேதி கடந்ததைக் காலை 11 மணிக்கு எடுத்துவிடுவோம். உங்கள் ஃப்ளைட் தள்ளிப்போனால் ஒட்டிய சீட்டில் தேதியை மாற்றுங்கள், இல்லையென்றால் தயிரோடு தகராறும் வரும். இட்லி மாவு வாங்கினால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளும் மெதுவாகப் பொங்கும், மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டுக்காரரின் பழத்தில் வழியும். வடித்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். அதில் வளரும் ஒருவகைக் கிருமியின் நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ராத்திரி பஸ்ஸில் வாந்தி எடுக்கும் நிலைமை யாருக்கும் வேண்டாம். கேன் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். பாத்திரம் கழுவக் குழாய்த் தண்ணீர் போதும்.

கடைசியாக அடுப்பை விட்டு நகர்கிறவர் பர்னரை அணைத்ததோடு நில்லாமல் சிலிண்டர் ரெகுலேட்டரையும் மூட வேண்டும். வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், விளக்கைப் போடவோ அணைக்கவோ வேண்டாம். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து எங்களைக் கூப்பிடுங்கள். எங்களில் யாரும் அகப்படாவிட்டால் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

இப்படிக்கு,
டார்ம் பணியாளர்கள்