மல்லிக்கு, வலி நின்ன பல்லைப் பத்தி

மல்லி,

ரொம்ப நாளா பதில் போடலைன்னு திட்டிக்கிட்டிருப்ப, திட்டிக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியேதான். நேத்து உன் வாய்ஸ் நோட்ல "அடியே வலி தானாவே நின்னுடுச்சு, ரூட் கேனால் காசு மிச்சம்"னு சிரிச்ச பாரு, அதுக்குத்தான் எழுதுறேன், போன்ல சொன்னா நீ பேசவே விடமாட்ட.

உன் வலி வந்த வரிசையைப் பாரு. பொங்கல் சமயத்துல ஐஸ்கிரீம் பட்டா சுருக்குன்னு இழுக்குது, முழுங்கினதும் போயிடுதுன்ன. அப்போ பல்லுக்குள்ள இருக்கிற பல்ப், அதான் நரம்பும் ரத்தக்குழாயும் சேர்ந்த சதை, லேசாத்தான் புண்பட்டிருந்துச்சு. ரிவர்சிபிள் பல்பைட்டிஸ்னு சொல்வோம், அன்னிக்கே சொத்தையை எடுத்து அடைச்சிருந்தா அதுவே தேறியிருக்கும். மகாராணிக்கு நேரமில்ல. சித்திரையில காபி குடிச்சா வலி கிளம்பி, டம்ளரைக் கழுவி வச்ச பிறகும் நிக்கல, ராத்திரி படுத்தா விண்ணு விண்ணுன்னு, பச்சைத்தண்ணியை வாயில அடக்கிக்கிட்டு உட்கார்ந்தே விடிய விட்டன்னு அண்ணன் சொன்னாரு. அது இர்ரிவர்சிபிள், அதுக்கப்புறம் அடைச்சு மட்டும் விட்டா பெரும்பாலும் அடங்காது. கையில காயம்னா சதை வெளிய வீங்கிக்கும், பல்ப்பைச் சுத்தி டென்டின்னு பல்லோட கெட்டியான சுவர், உப்ப இடமே இல்ல, அழுத்தம்தான் ஏறும், படுத்தா தலைப்பக்கம் ரத்தம் கூடி இன்னும் ஏறும். நீ காது வலின்னு காது டாக்டர்கிட்ட போனதும் அப்போதானே? பல்ப்புல இருக்கிற நரம்புக்கு வலிக்கத் தெரியும், எந்தப் பல்லுன்னு காட்டத் தெரியாது.

இப்ப நின்னது ஆறினதால இல்லடி, அனேகமா பல்ப் செத்ததால. சாட்சியும் நீயே சொல்லிட்ட, முறுக்கு கடிச்சா அந்தப் பல் மட்டும் உசரமா இருக்கிற மாதிரி இருக்கு, தட்டினா வலிக்குதுன்னு. பல்லோட வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவுல சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனுக்கு பீரியோடான்டல் லிகமென்ட்னு ஒரு நார்ப்படலம் உண்டு, பல்லைப் பிடிச்சுக்கிட்டிருக்கிறதே அதுதான். அதுக்கு தொடு உணர்ச்சி இருக்கு, அதனாலதான் இப்ப விரல் வச்சு இந்தப் பல்லுன்னு காட்ட முடியுது. அதாவது கிருமிக்கழிவு வேர் நுனியைத் தாண்டி வெளிய வந்துடுச்சு. எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலைன்னு அலட்சியமா இருக்காத, எலும்புல தாது நிறைய கரைஞ்சப்புறம்தான் கறுப்பா தெரியும்.

அண்ணன் மெடிக்கல் ஷாப்புல வாங்கின ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போடு. செத்த பல்ப்புக்குள்ள ரத்தமே ஓடல, மாத்திரை எது வழியா போய்ச் சேரும்? உன் மாமியார் வச்ச கிராம்பு கொஞ்சம் மரத்துப்போக வச்சிருக்கும், அவ்வளவுதான்.

ரூட் கேனாலுக்குப் போ, அங்க டாக்டர் முதல்ல குளிர் ஸ்ப்ரே அடிச்ச பஞ்சை வச்சுப் பார்ப்பாங்க. பக்கத்துப் பல் கூசும், இது கூசாது. ஒருவேளை கூசினாலும் குழம்பாத, கீழ்க் கடைவாய்ப்பல்லுல பெரும்பாலும் மூணு கேனால், அதான் வேருக்குள்ள பல்ப் இறங்குற குழாய், சிலருக்கு நாலு, ஒண்ணுல மட்டும் உயிர் மிச்சமிருந்தா டெஸ்ட் ஏமாத்தும். மரப்பு ஊசி போட்டு, ரப்பர் டேம்னு ஒரு ஷீட்டை மாட்டி அந்தப் பல்லை மட்டும் தனியாக்குவாங்க. இதை வேணாம்னு சொல்லிடாத, எச்சில் உள்ள போகாம தடுக்கிறதும் மருந்தும் பைல்ங்கிற ஊசி மாதிரி அரமும் தொண்டைக்குள்ள போகாம காக்கிறதும் அதுதான். மேல ஓட்டை போட்டு, மெல்லிசு பைலை விட்டு எவ்வளவு ஆழம்னு அளப்பாங்க. அதுக்கு ஒரு மிஷின், உதட்டுல ஒரு கொக்கி மாட்டுவாங்க, பைல் நுனி லிகமென்ட் கிட்ட போறப்ப மின்தடை மாறுறதை வச்சு சத்தம் குடுக்கும். வேர் நுனிக்கு அரை இல்ல ஒரு மில்லிமீட்டர் முன்னாடியே நிறுத்தணும், தாண்டினா எலும்பு பக்கம் புண்ணாகும், ரொம்ப முன்னாடியே நின்னா கிருமி தங்கிடும். என்னைக் கேட்டா பைலை விட கழுவுறதுதான் பெரிய வேலை, பைல் தொடாத சந்து நிறைய, அங்கெல்லாம் சோடியம் ஹைப்போகுளோரைட்னு கழுவுற மருந்து போய்த்தான் சதையைக் கரைக்கணும், அதனால நேரமாகுதுன்னு நாற்காலியில முணுமுணுக்காத. அப்புறம் காய வச்சு கட்டாபெர்ச்சான்னு ரப்பர் மாதிரி ஒரு பொருளை, இடுக்கை மூடுற சீலர் பசையோட அடைப்பாங்க.

முடிஞ்சு ரெண்டு மூணு நாள் கடிச்சா வலிக்கும், அந்த லிகமென்ட் இன்னும் ஆறலைன்னு அர்த்தம், பயப்படாத. கேப் போடறதைத் தள்ளாத, சொத்தையும் ஓட்டையுமா ஏற்கெனவே பாதிப் பல் போச்சு, கேப் இல்லாம முறுக்கைக் கடிச்சா ரெண்டா பிளந்துடும், வேர் வரைக்கும் பிளந்தா பிடுங்கத்தான் வேணும்.

தாடைக்கு அடியில வீங்கினா, முழுங்க முடியலைன்னா, வாய் திறக்க வரலைன்னா, ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு, அது கழுத்துக்குப் பரவி மூச்சை அடைக்கிற கேஸ்.

சுமதி பொண்ணு கல்யாணத்துக்கு வர்றேல்ல, ரயில் டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பல்லை முடி. எக்ஸ்ரே எடுத்தா படம் அனுப்பு, ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு தெளிவா அனுப்பு, போன தடவை அனுப்பினதுல உன் கட்டைவிரல்தான் தெரிஞ்சுது.

வாசுகி