சொத்து வரி அறிவிப்பையும் கட்டும் முறையையும் எளிய தமிழில் தரக் கோரும் மனு

நாள்: 09.02.2026

அனுப்புநர்:
வீட்டு உரிமையாளர் ஒருவர் (அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர்)

பெறுநர்:
உயர்திரு நகராட்சி ஆணையர் அவர்கள்

பொருள்: வரும் ஏப்ரல் மாத சொத்து வரி அறிவிப்பையும் பணம் கட்டும் விவரங்களையும் தமிழில் அச்சிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அஞ்சல் துறையில் இருந்த பழக்கத்தால் எங்கள் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் படித்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்கிறது. சொத்து வரி அறிவிப்பில் தலைப்பும் நகராட்சியின் பெயரும் மட்டும்தான் தமிழில் இருக்கின்றன. தொகை, காலம், நிபந்தனை எல்லாம் ஆங்கிலம்.

எதிர் வீட்டில் எழுபது வயது அம்மையார் ஒருவர் இருக்கிறார். அவருடைய வரி அரையாண்டுக்கு 1,200 ரூபாய். சென்ற ஏப்ரலில் வந்த அறிவிப்பில் 2025-26/1 என்று இருந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரன் அதை ஜனவரி 26 என்று படித்துச் சொல்லிவிட்டான். அன்று குடியரசு நாள், அலுவலகம் இருக்காது என்று நினைத்து அந்த அம்மையார் ஜனவரி 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே பணத்தோடு வந்துவிட்டார். அந்த எண்ணுக்கு உண்மையான பொருள் 2025-26-இன் முதல் அரையாண்டு, அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. ஏப்ரல் 30-க்குள் கட்டியிருந்தால் 5 சதவீத ஊக்கத்தொகையாக 60 ரூபாய் குறைந்திருக்கும். அக்டோபரில் தொடங்கிய இரண்டாம் அரையாண்டுக்கும் அதே 60 ரூபாய் போயிற்று. போதாததற்குத் தாமத வட்டியும் கேட்டார்கள். கெடு வைத்துக் கட்ட வந்தவரைக் கெடு தவறியவராக்கியது அந்த ஒரு சாய்கோடுதான்.

பக்கத்துத் தெருவில் பெயின்டர் ஒருவர், ‘கரண்ட் டிமாண்ட்’ என்று அலைபேசியில் வந்த செய்தியை மின்கட்டணம் என்று எண்ணி அழித்துவிட்டார். மின்கட்டணத்தை அவர் முந்தைய வாரமே கட்டியிருந்தார். அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மொழிபெயர்ப்பைக் கணினியிடம் விட்டால் இன்னொரு தொல்லை வரும். ‘டிமாண்ட்’ என்பதற்கு அது ‘கோரிக்கை’ என்று போடும். கோரிக்கை வைப்பது நான். நகராட்சி கேட்பது வரி. வருவாய்ப் பிரிவின் ‘கேட்பு’ என்ற சொல் சரியானதுதான், ஆனால் அது பதிவேட்டுக்குள் வாழும் சொல். வீட்டுக்காரருக்குக் ‘கட்ட வேண்டிய வரி’ என்றால்தான் விளங்கும். ‘அரியர்ஸ்’ என்பதைப் ‘பழைய பாக்கி’ என்றும், ‘கரண்ட்’ என்பதை ‘இந்த ஆறு மாதத்துக்கு’ என்றும் போடலாம். ‘வரிவிதிப்பு எண்’ பழகிய சொல், அப்படியே இருக்கட்டும்.

அந்த அம்மையாரின் அறிவிப்பு கீழ்க்கண்டவாறு வந்திருந்தால் என்னிடம் வரவே வேண்டியிருந்திருக்காது:

“2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்துக்கு நீங்கள் கட்ட வேண்டிய சொத்து வரி 1,200 ரூபாய். பழைய பாக்கி இல்லை. ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 60 ரூபாய் குறைத்து 1,140 ரூபாய் கட்டினால் போதும்.”

கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனி வட்டி. அது எந்தத் தேதியிலிருந்து ஓடும் என்பதையும் இதன் கீழே ஒரு வரியில் நாள், மாதம், ஆண்டு எழுதியே அச்சிட வேண்டும். எண்ணும் சாய்கோடும் வேண்டாம்.

பணம் கட்டும் முறையில் இரண்டு இடங்களில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். tnurbanepay.tn.gov.in தளத்தில் கட்டும்போது வரிவிதிப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் வேறொருவர் கணக்கில் பணம் சேர்ந்துவிடக்கூடும். ஆகவே “திரையில் வரும் பெயரும் கதவு எண்ணும் உங்களுடையவைதானா என்று பார்த்த பிறகே பணம் கட்டவும்” என்ற வரி அவசியம். அடுத்தது, வங்கியில் பணம் கழிந்தும் ரசீது வராத நிலை. பதற்றத்தில் பலர் உடனே மறுபடியும் கட்டிவிடுகிறார்கள். “ரசீது வராவிட்டால் உடனே இரண்டாம் முறை கட்ட வேண்டாம், வங்கிச் செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் கேட்கவும்” என்று இருந்தால் போதும். கேட்க வேண்டிய தொலைபேசி எண்ணும் அங்கேயே இருக்கட்டும், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அல்ல.

தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956-இல் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். புதிய அரையாண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குவதால், மார்ச் மாதத்துக்குள் மேற்கண்ட மாற்றங்களுடன் தமிழ் அறிவிப்பை ஆயத்தம் செய்ய ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அச்சுக்குப் போகும்முன் அதன் நகலை எங்கள் வார்டில் நான்கு பேரிடம் கொடுத்து, எவ்வளவு, எப்போதுக்குள், எங்கே என்று கேட்டுப் பார்க்கலாம். முதல் ஆளாக எதிர் வீட்டு அம்மையாரை நானே அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: பெயரும் எண்ணும் மறைக்கப்பட்ட பழைய அறிவிப்பின் நகல் 1, தமிழ் மாதிரி 1.