மழை எங்களுக்குக் கொண்டாட்டமாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார ஞாயிறு இணைப்பில் மழைக்கால வியாபாரங்கள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. அதில் எங்களுக்கும் இடம் கொடுத்திருந்தீர்கள். "மழை பிடித்துக்கொண்டால் சாலையோரம் செருப்புத் தைப்பவர்களுக்குக் கொண்டாட்டம்தான். கூட்டமுள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும்." நான் 26 ஆண்டுகளாகச் செய்துவரும் தொழிலை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்ட திறமையை மெச்சுகிறேன். கட்டுரையாளர் மழை நாளில் எங்களில் யார் பக்கத்திலாவது வந்து நின்றாரா என்று கேட்கமாட்டேன். நின்றிருந்தால் நனைந்திருப்பார், இப்படி எழுதியிருக்கமாட்டார்.

எங்களுக்கு அன்றாடம் கை ஓடுவது பாலிஷில்தான். தையல் வேலை ஒருநாள் வரும், ஒருநாள் வராது. வேலைக்குப் போகிறவர்களின் ஷூ தவறாமல் வரும். மழை தூறத் தொடங்கியதும் முதலில் நின்றுபோவது அந்தப் பாலிஷ். சேற்றில் இறங்கப் போகிற ஷூவை யார் துடைத்து மினுக்குவார்கள்? யாராவது கேட்டாலும் நான் போடுவதில்லை. ஈரத்தோலில் மெழுகைத் தேய்த்தால் பளபளப்பு வராது, உள்ளே இருக்கும் ஈரமும் லேசில் போகாது. நான்கு நாளில் பூஞ்சணம் பிடித்த வாடையோடு என்னிடமே திரும்பி வரும்.

சரி, குடை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, இரண்டு மூன்று நாளைக்கு. போன ஆண்டு மடித்து மூலையில் போட்ட குடையை முதல் மழையன்றுதான் விரித்துப் பார்க்கிறார்கள். ஒருமுறை எண்ணி வைத்தேன். முதல் மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் 19 குடைகள் வந்தன. நான்காம் நாள் 3. அந்தப் பத்தொன்பதில் 11 குடைகளில் கம்பி நுனியிலிருந்து துணி கழன்றிருந்தது, அவ்வளவுதான். ஊசியும் நூலும் எடுத்தால் ஐந்து நிமிட வேலை. மூன்று குடைகளில் உச்சியில் எல்லாக் கம்பிகளையும் கோத்துப் பிடிக்கும் மெல்லிய கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. மீதி ஐந்தில்தான் உண்மையான வேலை. தாங்குகம்பி வந்து சேரும் மூட்டில் குடைக்கம்பி ஒடிந்திருந்தது. அதே நீளத்தில், மூட்டும் அதே இடத்தில் இருக்கிற வேறொரு கம்பி கிடைத்தால்தான் மாற்ற முடியும். இல்லாவிட்டால் குடை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அந்தக் கம்பி எங்கிருந்து வரும்? கோடையில் தூக்கியெறிந்த குடைகளைப் பொறுக்கி, பிரித்து, நீளவாரியாகக் கட்டி வைத்திருப்பேன். "குப்பையைச் சேர்த்துவைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று அப்போது கேட்ட அதே மனிதர்தான் முதல் மழையன்று ஒடிந்த குடையோடு வந்து நிற்பார். மூன்று மடிப்புக் குடையாக இருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவேன். அதன் மெல்லிய அலுமினியக் கம்பி ஒருமுறை வளைந்தால் நிமிர்த்தலாம். அடுத்த காற்றில் அதே இடத்தில் முறியும், பழி எனக்கு வரும்.

பழி என்றதும் நினைவுக்கு வருகிறது. மழை கொட்டும்போது சோல் பிளந்த ஷூவோடு ஒருவர் வந்தார். உடனே ஒட்டித் தர வேண்டும் என்றார். காய்ந்தால்தான் ஒட்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். "சொல்யூஷன் தடவத் தெரியாதா?" என்றார். தெரியும் ஐயா. இரண்டு பக்கமும் சுரண்டி, மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு பொருத்தித் தட்ட வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில், காயும்போதே அந்தப் பூச்சின்மேல் பனி படிந்ததுபோல் வெளுப்பு தட்டும். அதன்மேல் எப்படித் தட்டினாலும் பிடிக்காது. வெளுப்பைக் கண்டால் நான் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவேன், அல்லது நைலான் நூலால் சுற்றிலும் தைத்துவிடுவேன். அன்று அவர் அவசரத்துக்கு ஒட்டிக் கொடுத்தது என் தவறுதான். மறுநாள் தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டினார்.

இன்னொரு வகையும் உண்டு. பல ஆண்டுகள் பெட்டியிலேயே இருந்த ஷூ, பார்க்கப் புத்தம் புதிது, நடந்தால் சோல் தூள்தூளாக உதிரும். பஞ்சுபோல லேசான பாலியூரிதேன் சோல்களுக்கு வருகிற நோய் இது. சும்மா கிடந்தாலும் காற்றின் ஈரமே அதை உள்ளுக்குள் அரித்துவிடும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன், மாவுபோல் உதிர்ந்தால் ஊசியும் பிடிக்காது, பசையும் பிடிக்காது. முழுச் சோலையும் மாற்ற வேண்டும். "போட்டதே இல்லையே" என்று என்னை ஏமாற்றுக்காரனைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

கூட்டமுள்ள இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. நானும் உங்கள் கட்டுரையாளரைப்போல் நினைத்து ஒருமுறை சந்தை வாசலுக்குப் போனேன். தலைகள்தான் தெரிந்தன. எனக்கு வேண்டியது கால்கள். நூறு பேர் போனால் தொண்ணூறு பேர் ரப்பர் செருப்பு, இரண்டு கையிலும் பை, நிற்க நேரமில்லை. இரண்டு மாதத்தில் திரும்பினேன். அதற்குள் என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள்.

எங்களுக்கு வேண்டிய இடம், ஒரே முகம் காலையிலும் மாலையிலும் கடக்கிற இடம். காலையில் அறுந்த வாரையோ ஜிப் வாய் பிளந்த பையையோ போட்டுவிட்டுப் போவார்கள், மாலையில் வாங்கிக்கொள்வார்கள். அதனால் பஸ் நிறுத்தத்தில் ஏறுகிற பக்கத்தைவிட இறங்கி நடக்கிற பக்கம் மேல். ஏறுகிறவர் கண் பஸ்ஸில் இருக்கும். மதியம் நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பின்சுவரில் போன மழையின் தண்ணீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். முழங்காலளவு கறை இருக்கும் சுவரடியில் பெட்டியை வைப்பவன் முதல் பெருமழையில் நூல்கண்டு முதல் தோல்துண்டு வரை எல்லாவற்றையும் இழப்பான். இழந்திருக்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடைபாதை நெரிசல் என்று ஒரு படம் போட்டீர்கள். அதில் வழியை மறித்துக்கொண்டு நின்றது ஒரு கார். படக்குறிப்பில் இருந்ததோ நானும் என் பெட்டியும். அப்போதும் ஒரு கடிதம் எழுதினேன். கிடைத்திருக்காது என்றே மரியாதையாக நினைத்துக்கொள்கிறேன். தைத்து முடித்தும் யாரும் வாங்க வராத செருப்புகள் ஆணியில் தொங்குவதைப் பற்றி எழுதினால் இன்னும் ஒரு பக்கம் ஆகும்.

நான் கேட்பது சிறியது. மறுப்பும் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். அடுத்த ஞாயிறு இணைப்பில் ஓர் ஓரத்தில் இப்படிப் போடுங்கள்: "நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைய நனைய மாற்றி, நிழலில் காயவைத்த பிறகு பழுதுபார்க்கக் கொடுங்கள்." உங்கள் கட்டுரையாளர் எங்களுக்கு ஒதுக்கியதும் இரண்டு வாக்கியம்தானே.

அந்தக் கட்டுரை வந்த தாளை நேற்றே ஒரு ஷூவுக்குள் திணித்துவிட்டேன். ஈரத்தை நன்றாகவே உறிஞ்சியது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாளைய வாசகன்,
பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கிற பக்கம்