விழா மலர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: பால்குடப் படத்துல ஆள வெட்டுறதப் பத்தி

குழுவுல உள்ள அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

தைப்பூசத்தன்னைக்கு சிராங்கூன் ரோட்டுல எடுத்த அந்தப் பால்குடப் படத்த அட்டைக்குப் போடணும், அதுல முன்னாடி வர்ற மூணு பெண்களையும் தனித்தனியா வெட்டிக் கொடுங்க, நாங்க தள்ளி வச்சுக்கிறோம்னு கேட்டீங்க. ஒவ்வொரு வருசமும் இதே மாதிரிதான் கேக்குறீங்க, அதனால இத எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுறேன்.

மூணு பேரும் மஞ்சள் புடவை, தோளோட தோள் ஒட்டி நடக்குறாங்க. ஃபோட்டோஷாப்புல ஆளத் தானாப் பிடிக்கிற Select Subject அமுக்கினா மூணு பேரும் சேர்ந்து ஒரே கட்டியாத்தான் வரும், ஏன்னா மஞ்சளும் மஞ்சளும் தொடுற இடத்துல அதுக்கு ஓரமே தெரியாது. அங்க புடவை மடிப்பையும் நிழலையும் கண்ணால பாத்து, பென் டூல வச்சு கையாலதான் கோடு போடணும். போடுற கோடும் ஒண்ணே ஒண்ணுதான். ரெண்டு பேர் தொடுற ஓரம் எப்பவுமே முன்னாடி நிக்கிறவங்களோட ஓரம், பின்னாடி இருக்கிறவங்க அங்க முடியல, மறைஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். அதனால முன்னால இருக்கிறவங்கள முதல்ல வெட்டிட்டு அப்படியே பின்னால போகணும்.

போன வருச பேனர்ல ஆளுக்கும் ஆளுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு ஓடுச்சுன்னு நீங்களே சொன்னீங்கல்ல, அதுக்குக் காரணம் இதுதான். ரெண்டு பேரையும் ஒரே ஓரத்துல மென்மையா வெட்டினா, அந்த ஓரத்துல ரெண்டு லேயரும் 50 சதவீதம்தான் இருக்கும். அம்பதும் அம்பதும் நூறுன்னு தோணும், ஆனா அப்படி வராது. மேல உள்ளது பாதிய மறைக்குது, கீழ உள்ளது மிச்சத்துல பாதியத்தான் மறைக்குது, ஆக மொத்தம் 75, பாக்கி 25 சதவீதத்துல பின்னாடி போட்ட கலர் எட்டிப் பாக்குது. பின்னால உள்ளவங்கள்ல எது வரைக்கும் தெரியணும்னு காட்டுற மாஸ்க்கை முன்னால உள்ளவங்களுக்கு அடியில கொஞ்சம் உள்ள இழுத்து விட்டா கோடு போயிரும். ஆனா அப்படி இழுத்த துண்டுல இருக்கிறது முன்னாடி உள்ளவங்களோட புடவைதான், அவங்கள நகத்துனீங்கன்னா அது வெளிய தெரியும். அதனாலதான் சேர்ந்தே நிக்கப் போறாங்களா, பிரிச்சு வைக்கப் போறீங்களான்னு வெட்டுறதுக்கு முன்னாடியே திரும்பத் திரும்பக் கேக்குறேன்.

இந்தப் படத்துல இன்னொரு சிக்கலும் இருக்கு. இடது பக்கம் வர்ற அக்காவோட உடம்பு நடுவுல உள்ளவங்களுக்குப் பின்னாடி இருக்கு, ஆனா அவங்க வலது கை மட்டும் முன்னாடி வந்து நடுவுல உள்ளவங்க குடத்தத் தாங்கிப் பிடிக்குது. ஒரே ஆள், பாதி பின்னாடி பாதி முன்னாடி, எந்த வரிசையில லேயர அடுக்கினாலும் சரியா வராது. அவங்கள ரெண்டாப் பிரிச்சு உடம்ப அடியிலயும் கைய மேலயும் வைக்கணும், கை வளைவுல தெரியுற சந்த தனியாத் தொளைக்கணும். அந்தக் கையோட நிழல் குடத்து மேல விழுந்திருக்கு, அது குடத்துப் படத்தோட ஒட்டினது. நாளைக்கு அந்த அக்காவ நகத்திட்டா, தாங்க யாருமில்லாம குடத்துல விரல் அளவுக்கு ஒரு ஓட்டையும் ஒரு நிழலும் மட்டும் நிக்கும்.

வலது பக்கம் உள்ளவங்களுக்கு இடது தோளும் குடத்துல பாதியும் மறைஞ்சிருக்கு. அது ஃபைல்லயே இல்ல, எவ்வளவு நேரம் உக்காந்தாலும் வெட்டி எடுக்க முடியாது. நான் வரையலாம்தான், ஆனா நேத்திக்கடன் எடுத்து நடந்து வந்த ஒரு பொண்ணோட தோள அவங்களக் கேக்காம நானா வரைய எனக்கு மனசு ஒப்பல, வரையவும் மாட்டேன்.

இதுக்கு வழி படம் எடுத்தவர்கிட்டதான் இருக்கு. அவர் தொடர்ச்சியா நாலஞ்சு படம் அமுக்கியிருப்பார், நடக்கிறவங்க ஒரே இடத்துல நிக்க மாட்டாங்க, அடுத்த படத்துலயே அந்தத் தோள் வெளிய வந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கு. வெளிச்சமும் கோணமும் ஏறக்குறைய ஒண்ணுங்கிறதால அத எடுத்து இதுல ஒட்டலாம். அதனால தேர்ந்தெடுத்த ஒரு படத்த மட்டும் வாட்சப்ல அனுப்பாதீங்க, அதுல படம் சுருங்கி மஞ்சளும் சிவப்புக் கரையும் ஒண்ணோட ஒண்ணு கசிஞ்சிருது. அதுக்கு முன்னாடி பின்னாடி உள்ள படங்களையும் சேத்து கேமராவுல உள்ளபடியே டிரைவ்ல போடுங்க.

கிடைக்கலன்னா மூணு பேரையும் ஒரே கூட்டமா வெளி ஓரம் மட்டும் சுத்தமா வெட்டித் தர்றேன், அவங்க நடந்து வந்த மாதிரியே அட்டையில வரட்டும்.